தவணையை நீடித்தாலும் நாட்கணக்கு நீளாது: கடன் காப்புறுதியில் நிலுவை அறிவிக்கும்போது விடும் தவறுகள்

இரண்டு மாதத்துக்கு முன், எங்கள் ஏற்றுமதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் என் மேசைக்கு வந்தார். "அக்கா, அந்த பையர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். நல்ல ஆள்தானே, சரி என்று மெயில் போட்டுவிட்டேன். சிஸ்டத்திலும் தவணைத் திகதியை மாற்றிவிட்டேன்" என்றார். அவகாசம் கொடுத்தது ஒருபக்கம் இருக்கட்டும். சிஸ்டத்தில் திகதியை மாற்றியதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேலைக்கு வந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன். அதற்குப் போன காசு இன்னும் மனதில் கிடக்கிறது.

கடனுக்குச் சரக்கு அனுப்பி, வாங்கியவர் காசு தராவிட்டால், இழப்பின் பெரும்பகுதியைக் காப்புறுதி தரும். பெரும்பாலும் 85 அல்லது 90 சதவீதம். கொழும்பில் இதை 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் எடுப்பவர்களும் உண்டு, தனியார் கம்பனிகளிடம் எடுப்பவர்களும் உண்டு. எங்கே எடுத்தாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: தவணை கடந்து இத்தனை நாளுக்குள் காசு வராவிட்டால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நாட்கள் 30 ஆகலாம், 60 ஆகலாம், 90 ஆகலாம். உங்கள் பொலிசியின் அட்டவணைப் பக்கத்தில் அது எழுதியிருக்கும். ஒரு வாடிக்கையாளருக்குக் காப்புறுதிக் கம்பனி அனுமதித்த கடன் எல்லையைத் தாண்டி அனுப்புவது, பிரீமியம் கட்ட மறப்பது போன்றவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

புதுத் திகதியிலிருந்து நாட்களை எண்ணுவது

என் கதையைச் சொல்கிறேன். மத்திய கிழக்கில் ஒரு வாடிக்கையாளருக்குத் தேங்காய்த் துருவல் அனுப்பிக்கொண்டிருந்தோம். சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி தரும் கப்பல் பத்திரத்தின் திகதியிலிருந்து 60 நாளில் காசு என்பது ஒப்பந்தம். மார்ச் 4 ஆம் திகதி கப்பலேறிய ஒரு கொள்கலனின் பெறுமதி 38,400 டொலர். அறுபது நாளை எண்ணினால் தவணை மே 3. மே மாதம் முதல் கிழமையில் அவரிடமிருந்து மெயில் வந்தது: துறைமுகத்தில் சரக்கு தாமதம், ஜூன் 15 வரை பொறுக்க முடியுமா என்று. மூன்று வருடப் பழக்கம். நான் சரி என்று பதில் எழுதிவிட்டு, எங்கள் கணக்குத் தாளில் மே 3 ஐ அழித்து ஜூன் 15 என்று போட்டேன்.

அந்த ஒரு திருத்தம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் பொலிசியில் நிலுவையை 60 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அந்த 60 நாள் ஓடத் தொடங்குவது முதல் இன்வொய்ஸில் உள்ள தவணைத் திகதியிலிருந்து. மே 3 இலிருந்து எண்ணினால் கடைசி நாள் ஜூலை 2. நானோ ஜூன் 15 இலிருந்து எண்ணி, ஓகஸ்ட் 14 வரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். ஜூன் 15 கடந்தும் காசு வரவில்லை. பிறகு அவர் தொலைபேசியை எடுப்பதையும் நிறுத்தினார். ஜூலை 20 அன்று நான் அறிவித்தல் அனுப்பினேன். என் கணக்கில் அது மிக முன்கூட்டியது. காப்புறுதிக் கம்பனியின் கணக்கில் 18 நாள் பிந்தியது.

அதோடு முடியவில்லை. ஜூன் 18 அன்று, அதாவது அவர் கேட்ட புதுத் திகதியும் கடந்த பிறகு, 41,000 டொலருக்கு இன்னொரு கொள்கலனை ஏற்றினோம். கணக்குத் தாளில் மூன்று நாள் தாமதம் மட்டும்தானே தெரிந்தது. உண்மையில் முதல் இன்வொய்ஸ் அன்றைக்கு 46 நாள் நிலுவையில் இருந்தது. பெரும்பாலான பொலிசிகளில் அதிகபட்ச நீடிப்புக் காலம் என்று ஒன்று உண்டு. எங்களுடையதில் அது 30 நாள். அதைத் தாண்டி ஒரு இன்வொய்ஸ் நிலுவையில் நின்றால், அந்த வாடிக்கையாளருக்கு அனுப்பும் புதுச் சரக்குக்குக் காப்புறுதி தானாகவே நின்றுவிடும். யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு அது ஜூன் 2 அன்றே நின்றிருந்தது.

கடைசியில் இரண்டு கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டன. மொத்தம் 79,400 டொலர். ஜூலை 2 க்குள் அறிவித்து, கோரிக்கையின் மற்ற நிபந்தனைகளையும் சரியாகச் செய்திருந்தால், முதல் கொள்கலனுக்கு 90 சதவீதமாக 34,560 டொலர் வந்திருக்கும். தாளில் மே 3 ஐ அழிக்காமல் விட்டிருந்தால் இரண்டாவது கொள்கலன் துறைமுகத்துக்கே போயிருக்காது.

இந்த நிபந்தனையில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று புதியவர்கள் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. ஒரே வாடிக்கையாளருக்குப் பல ஏற்றுமதியாளர்கள் கடன் கொடுத்திருப்பார்கள், அவர்களில் சிலர் அதே காப்புறுதிக் கம்பனியில் இருப்பார்கள். ஒருவர் அறிவித்தால்தான் மற்றவர்களின் கடன் எல்லையைக் குறைக்க முடியும், வசூல் முகவரை நேரத்தோடு அனுப்ப முடியும். வாடிக்கையாளரிடம் இன்னும் ஏதாவது சொத்து மிஞ்சியிருக்கும்போது கேட்பதற்கும், எல்லாம் காலியான பிறகு கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இப்போது எங்கள் தாளில் இரண்டு பத்திகள் இருக்கின்றன. ஒன்று முதல் தவணைத் திகதி. அது பூட்டிய பத்தி, யாரும் மாற்ற முடியாது. மற்றது வாடிக்கையாளர் வாக்குக் கொடுத்த திகதி. நினைவூட்டும் மெயில் இரண்டாவதன்படி போகும். காப்புறுதிக்கான எல்லா நாட்கணக்கும் முதலாவதிலிருந்து மட்டும் ஓடும். அதிகபட்ச நீடிப்புக் காலத்தைத் தாண்டி அவகாசம் கேட்டால், வாடிக்கையாளருக்குச் சரி சொல்வதற்கு முன் காப்புறுதிக் கம்பனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவோம். பழைய இன்வொய்ஸை ரத்துச்செய்து புதுத் திகதியில் இன்னொன்று போடச் சொல்லும் வாடிக்கையாளர்களும் உண்டு. செய்யவே கூடாது. கப்பல் பத்திரத்தில் பழைய திகதி அப்படியேதான் இருக்கும். கோரிக்கையின்போது அந்த இரண்டையும்தான் முதலில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

முதல் தவணைத் திகதியையே பிழையாகப் பிடிப்பது

"60 நாள் கடன்" என்று மட்டும் இன்வொய்ஸில் எழுதினால் எந்த நாளிலிருந்து என்று தெரியாது. இன்வொய்ஸ் திகதியிலிருந்தா, கப்பல் பத்திரத் திகதியிலிருந்தா, குறித்த நாளில் காசு தருவதாக ஒப்புக்கொள்ளும் மாற்றுண்டியலை வாடிக்கையாளர் தன் வங்கியில் ஏற்றுக் கையெழுத்திட்ட நாளிலிருந்தா? கொழும்பில் இன்வொய்ஸ் போட்டு ஒரு கிழமை கழித்துச் சரக்கு கப்பலேறுவது சாதாரணம். உண்டியல் ஏற்கப்படுவதற்கு இன்னும் சில கிழமைகள் ஆகலாம். ஆகவே ஒரே இன்வொய்ஸுக்கு மூன்று தவணைத் திகதிகள் சாத்தியம். இன்வொய்ஸிலும் ஒப்பந்தத்திலும் "கப்பல் பத்திரத் திகதியிலிருந்து" என்பதுபோல முழுதாக எழுதுங்கள். ஏற்கெனவே அனுப்பிய சரக்கில் சந்தேகம் இருந்தால், மூன்றில் முந்திய திகதியை வைத்து அறிவித்துவிடுங்கள். முந்தி அறிவித்ததற்காக யாரும் கோரிக்கையை மறுப்பதில்லை.

வங்கிக்குத் தெரியும்தானே என்று இருப்பது

வங்கி காப்புறுதிக் கம்பனி அல்ல. காசு வரவில்லை என்று வங்கிக்குத் தெரிந்தாலும், அது காப்புறுதிக் கம்பனிக்கு நீங்கள் அறிவித்ததாகாது.

புதிய இன்வொய்ஸுக்குக் காசு வந்ததும் பழையதை மறப்பது

இதில் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். வாடிக்கையாளர் பழைய இன்வொய்ஸை அப்படியே வைத்துவிட்டு, நேற்று அனுப்பியதற்குக் காசு போடுவார். வங்கிக் கணக்கில் டொலர் வந்துகொண்டே இருப்பதால் எல்லாம் சரி என்று தோன்றும். பழையதைப் பற்றிக் கேட்டால் "அதில் சின்னப் பிரச்சினை, பார்க்கிறோம்" என்பார். மாதங்கள் போகும். அறிவிக்க வேண்டிய நாளும் போய்விடும். வாடிக்கையாளரின் மொத்த நிலுவையைப் பார்த்தால் இது தெரியாது, ஒவ்வொரு இன்வொய்ஸாகப் பார்த்தால்தான் தெரியும். பல பொலிசிகளில், தவணை கடந்த கடன் இருக்கும்போது வரும் காசு எந்த இன்வொய்ஸின் பெயரில் வந்தாலும் மிகப் பழையதிலேயே முதலில் கழிக்கப்படும். உங்கள் பொலிசியில் அப்படி இருந்தால் கணக்கையும் அப்படியே வையுங்கள்.

தரச் சண்டை முடியட்டும் என்று காத்திருப்பது

சரக்கு ஈரமாக வந்தது, எடை குறைகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், அந்தச் சண்டை தீரும்வரை காப்புறுதிக் கம்பனி காசு தராமல் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அறிவிக்கும் நாட்கள் அதற்காக நிற்காது. அறிவித்தலிலேயே சண்டையைப் பற்றியும் எழுதி, அவர் அனுப்பிய முறைப்பாட்டையும் இணைத்துவிடுங்கள்.

தொலைபேசியில் சொல்வது

சொல்லாததற்குச் சமம். தரகரிடம் வாயால் சொன்னதும் அப்படியே. பெற்றுக்கொண்டோம் என்ற பதில் கையில் வரும்வரை அறிவித்ததாக எண்ண வேண்டாம்.

போயா நாளைக் கழிப்பது

என் கையில் வந்த பொலிசிகள் எல்லாவற்றிலும் விடுமுறையும் சேர்த்துத்தான் நாட்கள். கடைசி நாள் போயாவிலோ ஞாயிறிலோ விழுந்தால் அதற்கு முந்திய வேலைநாளில் அனுப்புங்கள்.

அறிவித்தால் வாடிக்கையாளர் கோபிப்பார் என்று பயப்படுவது

பெரும்பாலான தாமதத்துக்கு இந்தப் பயம்தான் காரணம். உரிமையாளர்களே "கொஞ்சம் பொறு, நல்ல மனிதர்" என்று சொல்லித் தடுப்பார்கள். அறிவித்தல் என்பது உங்களுக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் இடையிலான கடிதம். வசூலை நீங்கள் அவர்களிடம் ஒப்படைக்காதவரை, பொதுவாக அவர்கள் வாடிக்கையாளரின் கதவைத் தட்டுவதில்லை. கடன் எல்லையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடும், அது உண்மை. ஆனால் அது இனி அனுப்பும் சரக்குக்கு மட்டும்தான். விதிப்படி ஏற்கெனவே அனுப்பியதற்கு உள்ள பாதுகாப்பு போகாது.

தங்கச்சியின் கதைக்கு வருகிறேன். அவர் மேசைக்கு வந்த அன்று முதல் தவணையிலிருந்து 44 நாள் ஆகியிருந்தது. எங்களுக்கு 60 நாள். அன்றே உட்கார்ந்து எழுத வைத்தேன்: இன்வொய்ஸ் இலக்கம், கப்பல் பத்திரத் திகதி, முதல் தவணைத் திகதி, வரவேண்டிய தொகை, இதுவரை அனுப்பிய நினைவூட்டல்கள், அவகாசம் கேட்ட மெயிலும் அவர் கொடுத்த பதிலும். முன் சம்மதம் இல்லாமல் அவகாசம் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதி, அதை ஏற்கும்படி கேட்டோம். துறைமுகத்துக்குப் போகவிருந்த அடுத்த கொள்கலனையும் நிறுத்தினோம். அதைப் பற்றி உரிமையாளரிடம் பேசியதுதான் அன்றைக்குக் கஷ்டமான வேலை.

அடுத்த நாள் பதில் வந்தது. அறிவித்தல் பதிவாகியது, கேட்ட திகதிவரை அவகாசத்துக்குச் சம்மதம், அதுவரை புதுச் சரக்குக்குக் காப்புறுதி இல்லை. மூன்று கிழமையில் வாடிக்கையாளர் முழுத் தொகையையும் அனுப்பினார், நாங்கள் அறிவித்ததே அவருக்குத் தெரியாது. காசு வந்ததை எழுதி அறிவித்தலை முடித்த பிறகு, நிறுத்தி வைத்த கொள்கலனை ஏற்றினோம். சிஸ்டத்தில் அந்த இன்வொய்ஸின் முதல் தவணைத் திகதியைத் தங்கச்சியே திரும்பப் போட்டார்.