இரவுக் கடமைத் தாதியின் ஒரு நாள்: முகத்தை மறைத்தால் மட்டும் போதாது

இரவுக் கடமைத் தாதி ஒருவரின் ஒரு நாளை இன்ஸ்டாகிராம் கரோசலாகத் தயாரிப்பவர்களில் பலர், நோயாளரின் முகத்தை மங்கலாக்கிவிட்டால் அவருடைய அந்தரங்கம் காக்கப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். யார் எந்த நேரத்தில் அம்பியூலன்ஸில் ஏறினார் என்பது பொழுது சாய்வதற்குள் லயன் முழுவதும் தெரிந்துவிடும் மலையகத் தோட்டங்களில் அந்த எண்ணம் செல்லாது.

ஒரு வரைவை எடுத்துக்கொள்வோம். நான்காவது படத்தில் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார், முகம் தெரியவில்லை. கீழே, "அதிகாலை 2.10. குளவி கொட்டிய அம்மா உயிருக்குப் போராடுகிறார்" என்று எழுதப்பட்டிருக்கிறது. பதிவின் தேதியும் குளவியும் சேர்ந்தாலே அவர் எந்த மலையில் கொழுந்து பறித்தவர் என்பதை ஊரார் சொல்லிவிடுவார்கள். சுகாதாரத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையாகவே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வைத்திருக்கிறது. போதாததற்கு, அந்த வாசகம் உண்மையும் அன்று: அவர் அப்போது சீரான நிலையில் கண்காணிப்பில் இருந்தார்.

அந்தக் கண்காணிப்புதான் சொல்லத் தகுந்தது. குளவி கொட்டியவர் தேறிவிட்டதாகத் தோன்றினாலும், மறுபடி கொட்டாமலேயே சில மணி நேரத்தில் ஒவ்வாமை திரும்பக்கூடும். கொட்டுகள் மிகுதியாக இருந்தால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே தாதி இரவு முழுவதும் இரத்த அழுத்தத்தையும் நாடியையும் மூச்சையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சிறுநீரை அளப்பதோடு, அதன் நிறம் பிளேன்டீ போலக் கறுத்திருக்கிறதா என்றும் கவனித்து வைத்தியருக்கு அறிவிக்கிறார். இதைச் சொல்ல நோயாளர் படத்தில் இருக்க வேண்டியதில்லை. நிரப்பப்படாத அவதானிப்புத் தாள் ஒன்றும், கைக்கடிகாரமும், சிறு டோர்ச்சும் போதும். எழுதிய தாளை மங்கலாக்கிப் போடுவது வேண்டாம். கட்டில் இலக்கமோ பெயரின் முதலெழுத்தோ எங்காவது ஒரு மூலையில் தப்பிவிடும்.

"கேட்டேன், சரி மிஸ் என்றார்" என்பது பலர் சொல்லும் சமாதானம். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர், தனக்கு ஊசி போடப்போகும் கையிடம் எப்படி மறுப்பார்? எனவே படங்களைக் கடமைக்கு முன்போ பின்போ, வைத்தியசாலை நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதியோடு, நோயாளர் இல்லாத இடத்தில் எடுப்பதே முறை.

மாலை 7 முதல் காலை 7 வரையான கடமையில் பரபரப்பான சில நிமிடங்களை மட்டும் பொறுக்கி அடுக்குவதும் ஒரு வகைப் பொய்யே. பொறுப்பேற்பதும், மருந்துகளை எண்ணிச் சரிபார்ப்பதும், குறிப்பு எழுதுவதும் அந்த இரவில் பெரும் பங்கைப் பிடிக்கின்றன. எட்டுப் படங்கள் என்றால் இரண்டையாவது அவற்றுக்கு ஒதுக்க வேண்டும். "தேவதை" என்ற சொல்லை நான் கண்டவுடன் வெட்டிவிடுவேன்.

கரோசலின் ஒரு படம் மட்டும் தனியே வாட்ஸ்அப்பில் சுற்றும் என்பதையும் மறக்கக்கூடாது. "வார்ட்டில் இரண்டே பேர்" என்ற வரி ஆளணிக் குறைவைச் சொல்ல எழுதப்பட்டாலும், தனியே வெட்டிப் பகிரப்பட்டால் மற்றவர்கள் கடமைக்கு வரவில்லை என்றே படிக்கப்படும். காரணத்தையும் அதே படத்திலேயே எழுத வேண்டும். முழுத் தொகுப்பையும் சில வாரங்கள் கழித்து, தேதி குறிப்பிடாமல் வெளியிடுவது நல்லது.