எலுமிச்சை நடுவதற்கு முன் ஒரு குழி: மண்ணைத் தோண்டிப் படிக்கும் முறை

பல்லடம் பக்கம் நண்பர் ஒருவருக்கு அரை ஏக்கர் செம்மண் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வைத்த எலுமிச்சைக் கன்றுகளில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மேல் மண்ணைச் சோதித்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. மறுபடி நடுவதற்கு முன் குழி தோண்டிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். அன்று செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

தேவையானவை: கடப்பாரை, மண்வெட்டி, பழைய கத்தி, அளவு நாடா, பாட்டிலில் தண்ணீர், வெள்ளை வினிகர், மஞ்சள்தூள், பி.எச். தாள், சமையலறைத் தராசு, டீ வடிகட்டி. இதோடு கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீர். பேட்டரிக்கு ஊற்ற வாங்குவோமே, அதுதான்.

1. குழி

மழை பெய்தோ தண்ணீர் பாய்ச்சியோ இரண்டு மூன்று நாள் ஆன பிறகு தோண்டுங்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் போதும். அதற்கு மேல் ஆழம் போனால், அதுவும் மணல் பாங்கான இடத்தில், சுவர் சரிந்து விழும். காலையில் தோண்டினால் வெயில் மேற்குச் சுவரில் நேராக விழும். அந்தச் சுவர்தான் நாம் படிக்கப்போகும் பக்கம். அதன் விளிம்பில் நிற்கவோ மண் கொட்டவோ கூடாது. மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போடுங்கள். மூடும்போது அடி மண் முதலில் உள்ளே போக வேண்டும்.

மண்வெட்டி பட்ட சுவர் பூசி மெழுகியது போல இருக்கும், அதில் எதுவும் தெரியாது. கத்தி முனையால் மேலிருந்து கீழாக, சின்னச் சின்னக் கட்டிகளாகப் பெயர்த்து எடுங்கள். அப்போதுதான் மண்ணின் சொந்த முகம் வெளியே வரும்.

2. அடுக்குகளைப் பிரித்தல்

மண்ணியலில் மேல் மண்ணை ஏ அடுக்கு என்பார்கள். மேலிருந்து இறங்கிய களியும் சுண்ணாம்பும் சேரும் அடிமண் பி அடுக்கு. பாதி மக்கிய பாறை சி. காட்டில் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே இலைச்சருகு அடுக்கு ஒன்று இருக்கும். உழுத நிலத்தில் அதைத் தேட வேண்டாம்.

எல்லைக் கோட்டைக் கண்ணால் தேடுவதைவிடக் கத்தியால் தேடுவது சுலபம். ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை குத்திக்கொண்டே இறங்குங்கள். கை உணரும் இறுக்கம் மாறும் இடத்தில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு நாடாவால் அளவெடுங்கள்.

நண்பரின் குழியில் 18 செ.மீ. வரை பழுப்புச் சிவப்பு, நிறைய வேர். அங்கே கத்தி இறங்க மறுத்தது. நான்கைந்து செ.மீ. தடிமனுக்கு ஓர் இறுகிய தட்டு; பழைய கன்றின் வேர் அதில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தது. வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுததால் வந்த இறுக்கம் இது, இயற்கை அடுக்கு இல்லை. அதற்குக் கீழே 48 செ.மீ. வரை நல்ல சிவப்பு. அப்புறம் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்: சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி. 80 செ.மீ.க்குக் கீழே மக்கிய பாறை.

3. நயம் பார்த்தல்

மணல், வண்டல், களி மூன்றும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே நயம். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, வடிகட்டியில் சலித்துக் கல்லை நீக்குங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்கு இரண்டு நிமிடமாவது பிசையுங்கள். அவசரப்பட்டால் உடையாத களி உருண்டைகள் மணல் போல நெருடி ஏமாற்றும். பிறகு கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தள்ளி நாடா போல நீட்டுங்கள். தானாக ஒடிந்து விழும்வரை எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள்.

நாடா 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் களி குறைவு. 2.5 முதல் 5 வரை என்றால் நடுத்தரம். 5ஐத் தாண்டினால் களிமண். அதோடு கையில் நறநறவென்றால் மணல் பங்கு அதிகம், மாவு போல வழுக்கினால் வண்டல் அதிகம். எங்களுக்கு மேல் மண்ணில் 2 செ.மீ., சிவப்பு அடிமண்ணில் 4 செ.மீ., இரண்டிலும் நறநறப்பு. அதாவது மேலே மணற்சாரி, கீழே களி கூடிய மணற்சாரி.

4. ஈரம்

கையில் பிடித்து அழுத்தி உருண்டை பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் ஒரே ஈரத்தில் களிமண் உருண்டை பிடிக்கும், மணல் உதிரும். எனவே நயம் தெரியாமல் உருண்டையை நம்ப வேண்டாம்.

எண் வேண்டும் என்றால் எடை போடுங்கள். 20 முதல் 40 செ.மீ. ஆழத்து மண் 200 கிராம் எடுத்து, மூடிய டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய தோசைக்கல்லில் சிறுதீயில் கிளறி, எடை குறைவது நிற்கும்வரை காய வைத்தோம். (புகை வாசம் வந்தால் மக்கு கருகுகிறது, தீயைக் குறையுங்கள்.) கடைசி எடை 176 கிராம். போன தண்ணீர் 24. இதைக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும், ஈர எடையால் அல்ல: 24 ÷ 176 = 13.6 சதவீதம். இந்த எண் தனியாக ஒன்றும் சொல்லாது. நன்றாக நனைத்து இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் எடுத்தபோது 18 வந்தது. இனி அதை ‘நிறைவு’ என்று வைத்து ஒப்பிடலாம்.

5. பி.எச்.

10 கிராம் மண்ணுக்கு 25 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கித் தெளிய விட்டு, மேல் தண்ணீரில் தாளை நனையுங்கள். நான் முதல்முறை ஆழ்குழாய்த் தண்ணீரில் கலக்கிவிட்டு எல்லா அடுக்குக்கும் 8 வருகிறதே என்று குழம்பினேன். அந்தத் தண்ணீரே 8. மறுபடி செய்தபோது மேல் மண் 7க்கும் 7.5க்கும் நடுவில், சுக்கான் அடுக்கு 8க்கும் 8.5க்கும் நடுவில். தாள் அதைவிடத் துல்லியமாகச் சொல்லாது.

அடுத்தது வினிகர். சுண்ணாம்பு இருந்தால் அது பட்டதும் நுரைக்கும். மண்ணை முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். காய்ந்த மண்ணுக்குள் சிக்கிய காற்றும் குமிழாக வரும், அதைச் சுண்ணாம்பு என்று எண்ணிவிடக் கூடாது. மேல் மண் சும்மா இருந்தது. சிவப்பு மண்ணைக் காதருகே பிடித்தால் லேசான சத்தம். சுக்கான் கட்டி நுரைத்துப் பொங்கியது.

சுண்ணாம்பு மட்டும் இருந்தால் பி.எச். பெரும்பாலும் 8.5க்குள் நிற்கும். அதைத் தாண்டினால் சோடியம், அதாவது களர். அதைப் பிரித்தறிய, தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டோம். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதுபோல நன்றாகச் சிவந்தால் களர் என்று சந்தேகப்படலாம். எங்களுக்கு மஞ்சளாகவே நின்றது. கையில் சோப்பு மிச்சமிருந்தாலும் சிவக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, இலை மஞ்சளுக்குக் காரணம் புரிந்தது. இறுகிய தட்டைத் தாண்டி இறங்கும் வேரும் 48 செ.மீ.யைத் தொட்டதும் சுண்ணாம்புக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைப்பதில்லை. ஜிப்சம் போடச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அது களருக்கு மருந்து, சுக்கானுக்கு அல்ல. அத்தனை சுண்ணாம்பையும் கந்தகம் போட்டுக் கரைப்பதும் ஆகிற காரியமில்லை.

அடுத்த வாரம் நிலத்தின் தாழ்ந்த மூலையில் இன்னொரு குழி போட்டோம். அங்கே 90 செ.மீ. வரை வினிகர் ஊற்றியும் ஒரு குமிழ் வரவில்லை. எலுமிச்சை அங்கே போகிறது. மேட்டுப் பக்கம் மாதுளை.