பறக்கும் முடியை வெட்டி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் எடுத்த கல்யாண அவுட்டோர் படங்களை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. பகோடா பாயின்ட் பக்கம் காற்று அடிக்கும், பெண்ணின் முடி நாலாபக்கமும் பறக்கும், பின்னால் ஒன்றுமே தெரியாமல் வெள்ளையாகப் பனிமூட்டம். வீட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, "முகம் நல்லா வந்திருக்கு, பின்னாடி மட்டும் காபித் தோட்டம் மாதிரி வைங்க" என்பார்கள். வைத்துப் பார்த்தால் ஒன்று, இழைகள் எல்லாம் காணாமல் போய்த் தலை ஹெல்மெட் போட்டது போல மொழுக்கென்று நிற்கும். இல்லையென்றால் இழைகள் இருக்கும், ஆனால் கருப்பு முடி வெள்ளையாக மினுங்கும். பலர் இரண்டையும் ஒரே கோளாறு என்று நினைத்து மாஸ்க்கைத்தான் திரும்பத் திரும்பத் தேய்க்கிறார்கள். உண்மையில் முதலாவது, எது ஆள், எது பின்னணி என்று குறித்துக் கொடுக்கும் ட்ரைமேப்பில் வரும் தவறு, இரண்டாவது நிறத்தில் வரும் தவறு. இரண்டாவதுக்கும் மாஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு மெல்லிய முடி இழை கேமராவின் ஒரு பிக்சலை முழுதாக நிரப்பாது. அந்தப் பிக்சலில் கொஞ்சம் முடி, மீதி பனி. எவ்வளவு பங்கு முடி என்பதுதான் ஆல்பா, 0 முதல் 1 வரை. கணக்காக எழுதினால்:

```
I = αF + (1-α)B
```

I நாம் படத்தில் பார்க்கும் நிறம், F முடியின் சொந்த நிறம், B பின்னணி. நம் கையில் இருப்பது I மட்டும்தான், மற்ற மூன்றையும் ஊகித்தாக வேண்டும். அந்த ஊகத்துக்கு வழிகாட்டத்தான் ட்ரைமேப்: நிச்சயம் ஆள் என்றால் வெள்ளை, நிச்சயம் பின்னணி என்றால் கருப்பு, தெரியாத இடம் சாம்பல்.

இங்கேதான் முதல் தவறு. தோராயமான ஒரு மாஸ்க்கை எடுத்து, அதன் ஓரத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே அகலத்துக்குச் சாம்பல் பட்டை போட்டுவிடுவது. தோளுக்கும் புடவைக்கும் பத்துப் பதினைந்து பிக்சல் தாராளம். ஆனால் காற்றில் பறக்கும் முடி அதே படத்தில் முந்நூறு பிக்சல் தாண்டிப் போயிருக்கும். பட்டைக்கு வெளியே போன இழையை "இது பின்னணி" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதன் ஆல்பா 0தான், அப்புறம் எந்த அல்காரிதமாலும் அதைத் திருப்பித் தர முடியாது. சரி என்று பயந்து எல்லா இடத்திலும் சாம்பலை அகலமாக அப்பினாலும் கெட்டது, தோள் ஓரம் புகை மாதிரி கரையும். கையால் வரைவதுதான் வழி: முகம், தோள் ஓரத்தில் ஒட்டி மெல்லியதாக, முடி பறக்கும் பக்கத்தில் கடைசி இழையின் நுனியையும் தாண்டி. படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி இழை எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

இதிலேயே பலர் விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. கழுத்துக்கும் தொங்கும் முடிக்கும் நடுவில், ஜிமிக்கி பக்கத்தில், பனி தெரியும் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். அதையும் முடியோடு சேர்த்து வெள்ளை அடித்தால் புதுப் பின்னணியில் அங்கே பனித் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். வெறுமே சாம்பல் அடித்தாலும் போதாது, ஏனென்றால் சுற்றிலும் முடி அடைத்திருக்கும்போது வெளியிலிருக்கும் கருப்புப் பகுதியின் தகவல் அங்கே சரியாக எட்டுவதில்லை. நடுவில் சுத்தமாகப் பனி மட்டும் தெரியும் இடத்தில் ஒரு கருப்புப் பொட்டு வையுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கிடைத்த ஆல்பா கொஞ்சம் மங்கலாக இருந்தால் Levels போட்டு இறுக்குவது அடுத்த பழக்கம். 0 கருப்பு, 255 வெள்ளை என்ற அளவில் கருப்புப் பக்கத்தை 60க்கு நகர்த்தினால் ஆல்பா 0.23க்குக் கீழே இருப்பதெல்லாம் பூஜ்யம். நுனி இழைகள் இருப்பதே அந்த எல்லைக்குள்தான். மங்கல் தெரிந்தால் ட்ரைமேப்புக்குத் திரும்பிப் போய் அந்த இடத்தில் சாம்பலைக் குறையுங்கள்.

இனி நிறம். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் ஆல்பா மிக அருமையாக வந்த பிறகும் இங்கே வேலை கெட்டுப்போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆல்பா கிடைத்ததும் மூலப் படத்துக்கு அதையே மாஸ்க்காகப் போட்டுப் புதுப் பின்னணி மேல் வைத்துவிடுகிறார்கள். ஒரு பிக்சலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அதே 0 முதல் 255 வரையான அளவில் முடியின் நிறம் 40, பனி 220, ஆல்பா 0.3 என்று வையுங்கள். படத்தில் அந்தப் பிக்சல் 12 + 154 = 166. அதாவது முடி இருக்கும் பிக்சலே பாதிக்கு மேல் பனி நிறம். இப்போது பின்னால் சில்வர் ஓக் நிழல், அடர்பச்சை, 50 என்று வைப்போம். சரியாக வர வேண்டியது 0.3 × 40 + 0.7 × 50 = 47. மூலப் படத்தின் நிறத்தோடு வைத்தால் 0.3 × 166 + 0.7 × 50 = 85. பின்னணியைவிடக் கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டிய இழை அதைவிட வெளிச்சமாகிவிட்டது. அந்த வெள்ளை மினுக்கம் இதுதான், மாஸ்க்கை எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

ஆகவே ஆல்பாவோடு F-ஐயும் கணக்கிட்டே ஆக வேண்டும். போட்டோஷாப்பில் `Select and Mask` உள்ளே `Decontaminate Colors` செய்வது ஏறக்குறைய இந்த வேலையைத்தான், ஓரத்து நிறத்தையே மாற்றுவதால்தான் அது புது லேயராகத் தருகிறது. பைத்தானில் PyMatting வைத்திருந்தால் இவ்வளவுதான்:

```python
from pymatting import *
img = load_image("ponnu.png", "RGB")
tri = load_image("trimap.png", "GRAY")
a = estimate_alpha_cf(img, tri)
fg = estimate_foreground_ml(img, a)
save_image("cut.png", stack_images(fg, a))
```

கடைசிக்கு முந்தின வரியை விட்டுவிட்டு `fg` இடத்தில் `img` போட்டால் மேலே சொன்ன 85 வரும். `estimate_alpha_cf` பின்னால் இருப்பது லெவின், லிஷின்ஸ்கி, வைஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட க்ளோஸ்டு ஃபார்ம் முறை. முழு அளவு படத்தில் மெமரியை நிறையச் சாப்பிடும், அதனால் தலைப்பகுதியை மட்டும் கிராப் செய்து ஓட்டுங்கள். படத்தைச் சின்னதாக்கி ஓட்டிவிட்டு ஆல்பாவைப் பெரிதாக்காதீர்கள், மெல்லிய இழை போய்விடும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் எடுக்காதீர்கள், அமுக்கத்தில் முடியின் நிறமும் பனியின் நிறமும் ஏற்கெனவே கலந்திருக்கும். கேமரா ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டியதைச் சோதிக்கத் தோட்டப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பது போதாது, இலைகளுக்குள் எல்லாக் குறையும் ஒளிந்துகொள்ளும். தட்டையான கருப்பு, தட்டையான வெள்ளை, தட்டையான சிவப்பு என்று மூன்றிலும் வையுங்கள். கருப்பில் இழை மினுங்கினால் நிறம் தப்பு. வெள்ளையில் இழை நடுவில் அறுந்தால் ட்ரைமேப் தப்பு. சிவப்பில் தலையைச் சுற்றிப் படலம் தெரிந்தால் சாம்பல் பகுதி அதிகம்.

அந்த 47ஐயும் 50ஐயும் மறுபடி பாருங்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் இருட்டான தோட்டத்தின் முன் கருப்பு முடி இழை கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. அது வெட்டியவரின் குறை இல்லை, நேரில் அங்கே நின்று எடுத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இழை தெரிய வேண்டும் என்று வீட்டில் கேட்டால், தலைக்குப் பின்னால் வானமோ ஏரித் தண்ணீரோ வரும்படி பின்னணியை நகர்த்துங்கள்.

பனி முன் நிற்கும் பாட்டியின் நரைமுடி மட்டும் இதற்கெல்லாம் அடங்காது. F-உம் B-உம் கிட்டத்தட்ட ஒரே நிறம் என்பதால் ஆல்பாவைப் பிரிக்கப் படத்தில் தகவலே இல்லை. அவரைப் படம் எடுக்கும்போதே இரண்டடி நகர்த்தி, பின்னால் மரமோ சுவரோ இருட்டாக வரும்படி ஒரு ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.