பொலிஞ்சர் பட்டை சுருங்கினால் எந்தப் பக்கம் போவது?

ஹட்டனில் இருந்தபடி தோட்டக் கம்பனிப் பங்குகளை வாங்கி விற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பொலிஞ்சர் பட்டை என்பது விலை வரைபடத்தில் சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும், ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் இரு கோடுகள். மேல் பட்டையிலிருந்து கீழ்ப் பட்டையைக் கழித்து, நடுக்கோடான 20 நாள் சராசரியால் வகுத்துப் பாருங்கள். மேலே 52, கீழே 48, நடுவே 50 ரூபாய் என்றால் அகலம் 8 சதவீதம். ஆறு மாதங்களில் இதுவே மிகக் குறைவென்றால் ஏற்ற இறக்கம் ஒடுங்கியிருக்கிறது. ஆனால் வியாபாரமே நடக்காத பங்கிலும் பட்டை இப்படித்தான் ஒட்டிக்கிடக்கும், அதைத் தொடாதீர்கள்.

ஒடுக்கம் திசையைச் சொல்லாது. நாள் முடிவு விலை 52ஐத் தாண்டி, கைமாறிய பங்குகளும் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கூடினால் மட்டும் வாங்குங்கள். முதல் தாண்டல் பல தடவை பொய்யாகிவிடும். விலை மறுநாளே பட்டைக்குள் திரும்பினால் வெளியேறுங்கள். 48 உடைந்தாலோ, கையில் இருப்பதை விற்பதே என் வழக்கம்.