எலுமிச்சை தேய்த்த வேட்டியை அலசாமல் இஸ்திரி போடாதீர்கள்

கும்பகோணத்தில் சலவைக் கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. போன வாரம் கடைக்குப் புதுசாக வந்திருக்கும் தம்பி ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டு, பாதி எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு, துருக்கறை மேல் கர்மசிரத்தையாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, போன்ல பாத்தேன், துரு அப்படியே போயிடுது" என்றான். போகத்தான் செய்யும், அதில்தான் ஆபத்தே. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி, இதே சந்தோஷத்தோடு தேய்த்தவன்தான்.

எலுமிச்சை, ஆப்பசோடா, வினிகர் வைத்து வீட்டில் துணி வெளுப்பவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆப்பசோடாவை அள்ளிக் கொட்டாதே, ஓரத்தில் சோதித்துப் பார் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவைக்கும் தவறு ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் சொல்கிறேன்.

எலுமிச்சையைக் காயவிட்டு, மேலே இஸ்திரி போடுவது

அக்கா கல்யாணம் முடிந்த கையோடு அத்தானுடைய எட்டு முழ வேட்டி என்னிடம் வந்தது. பீரோ கொக்கியில் மாட்டி வைத்ததில் இடுப்புப் பக்கம் எட்டணா அகலத்துக்குத் துரு ஏறியிருந்தது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன், ஒரு மணி நேரத்தில் துரு மாயம். கறைதான் போய்விட்டதே, இனி எதற்கு அலச வேண்டும் என்று லேசாகத் தண்ணீர் தெளித்து, கரிப்பெட்டியால் நன்றாக அழுத்தித் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். தேய்க்கும்போது அந்த இடம் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. துரு மிச்சம் இருக்கிறது போல என்று நினைத்து இன்னொரு முறை எலுமிச்சை பிழிந்தேன் பாருங்கள், அதுதான் பெரிய முட்டாள்தனம்.

மூன்றாவது சலவையில் வேட்டியைப் பிழிந்தபோது அந்த இடம் பிறை வடிவத்தில் கிழிந்து வந்தது. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம். துருவில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரைந்து வெளியே வருவது அதன் குணம், அந்த வகையில் கைவைத்தியம் உண்மைதான். ஆனால் துணி காயும்போது தண்ணீர் மட்டுமே ஆவியாகிறது, சிட்ரிக் அமிலம் ஆவியாகாது. ஈரம் குறையக் குறைய மிச்சமிருக்கும் துளிக்குள் புளிப்பு கெட்டியாகிக்கொண்டே போய், கடைசியில் நூலிலேயே படிந்துவிடும். பருத்தி நூல் என்பது செல்லுலோஸ் என்ற நீளமான சங்கிலிகள். அமிலம் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். சாதாரணச் சூட்டில் அந்த வெட்டு மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூடு கிட்டத்தட்ட 200 டிகிரி, அதில் வேலை மளமளவென்று முடிந்துவிடும்.

சின்ன வயதில் எலுமிச்சைச் சாற்றில் தாளில் எழுதிக் காயவைத்து, விளக்குச் சூட்டில் காட்டி எழுத்தை வரவைத்திருப்பீர்களே, அதேதான் இது. தாளும் செல்லுலோஸ், வேட்டியும் செல்லுலோஸ். சாறு பட்ட இடம் மற்ற இடத்துக்கு முன்பே கருகிப் பழுப்பாகிறது. அத்தான் வேட்டியில் நான் பார்த்த பழுப்பு துருவே இல்லை, நானே சூட்டில் வரவழைத்த பழுப்பு. அதன் மேல் மறுபடியும் எலுமிச்சை.

கிழிசல் ஏன் பிறை மாதிரி வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. ஈரத்தின் விளிம்புதான் முதலில் காயும், நடுவில் இருக்கும் ஈரம் விளிம்பை நோக்கி ஊர்ந்து போகும், கூடவே அமிலமும் போய் அங்கே சேரும். அதனால் கறை இருந்த நடு இடத்தைவிட அதைச் சுற்றிய வளையம்தான் அதிகம் நைந்துபோகிறது. எலி கடித்ததா, கொக்கி இழுத்ததா, அமிலம் தின்றதா என்று பார்க்க, கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி இழுத்துப் பாருங்கள். நல்ல பருத்தி நூல் கொஞ்சம் தாக்குப்பிடித்து, பிசிறு விட்டு அறும். அமிலம் பட்டது இழுத்த உடனே பொட்டென்று போய்விடும், நுனி விரலில் மாவு மாதிரி உதிரும். அந்த நிலைக்கு வந்த நூலுக்கு வைத்தியம் கிடையாது.

சரி, துருவை எப்படித்தான் எடுப்பது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், வெள்ளைப் பருத்திக்கு மட்டும். சாற்றை வடிகட்டிக்கொள்ளுங்கள், சக்கை இருந்தால் அதுவும் சூட்டில் பழுப்பாகும். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கறை மேல் மட்டும் ஒற்றி, நிழலில் 15, 20 நிமிஷம் ஈரம் காயாமல் வைத்திருங்கள், காய்வது மாதிரி தெரிந்தால் இன்னும் இரண்டு சொட்டு. பிறகு குழாயடியில் பிடித்து நன்றாக அலசுங்கள். கறை மிச்சம் இருந்தால் மறுபடியும் இதையே செய்யலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அலசிவிட்டுத்தான். எல்லாம் முடிந்ததும் அரை வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்துப் பத்து நிமிஷம் ஊறவையுங்கள். மிச்சமிருக்கும் புளிப்பை சோடா முறித்துவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் இஸ்திரி.

புளிப்பு போய்விட்டதா என்று சந்தேகமாக இருந்தால் வேலியில் பூக்கும் நீலச் சங்குப்பூ போதும். நாலைந்து பூவை வெந்நீரில் போட்டால் நீலத் தண்ணீர் கிடைக்கும். கறை இருந்த இடத்தை மட்டும் பிழிந்து, அந்தச் சொட்டை வெள்ளைத் தட்டில் விடுங்கள், பக்கத்திலேயே வெறும் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு. இரண்டிலும் பூத்தண்ணீர் சேர்த்தால் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். பிழிந்த சொட்டு மட்டும் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ திரும்பினால் புளிப்பு இன்னும் போகவில்லை. பூத்தண்ணீரைத் துணி மேலேயே விட்டுவிடாதீர்கள், அப்புறம் அந்தக் கறைக்கு வேறு என்னைத் தேடுவீர்கள்.

வினிகரில் இந்த ஆபத்து குறைவு. அதில் இருக்கும் அசிட்டிக் அமிலம் தண்ணீரோடு ஆவியாகிப் போய்விடும், காய்ந்த துணியில் வாடைகூட நிற்காமல் போவது அதனால்தான். ஆனால் துருவை எடுப்பதில் எலுமிச்சை அளவுக்கு அதற்குச் சாமர்த்தியம் போதாது.

போர் தண்ணீரில் ஆப்பசோடா போட்டு ராத்திரி முழுக்க ஊறவைப்பது

உங்கள் வீட்டு வாளியின் உள்பக்கத்தைப் பாருங்கள். செம்பழுப்பாகப் படிந்திருந்தால் உங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும், காற்றுப் பட்டு நேரம் ஆனால்தான் மங்கும். சோடாவைப் போட்டால் தண்ணீர் காரமாகி, கரைந்திருந்த இரும்பு சீக்கிரமே துருவாகத் திரண்டு துணியில் உட்கார்ந்துவிடும். வெள்ளை பளிச்சென்று ஆகட்டும் என்று ஊறவைத்த சட்டை காலையில் மஞ்சளடித்து நிற்கும், அப்புறம் அந்த மஞ்சளைப் போக்க எலுமிச்சையை எடுப்பார்கள், கதை மேலே சொன்ன இடத்துக்கே வந்துவிடும். பனியனுக்கு வியர்வை வாடை போக சோடா வைப்பது நல்லதுதான், குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் போதும்.

இன்னொன்று. ஆப்பசோடா சாதுவானது என்று நம்பிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் துணியை வேகவைப்பவர்கள் இருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க அது கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சலவை சோடாவாக மாறிக்கொண்டே போகும். அந்தக் காலத்து உவர்மண்ணும் வெள்ளாவியும் செய்தது அதே வேலையைத்தான். தடித்த வெள்ளைப் பருத்தி அதைத் தாங்கும், சாயத்துணியை அதில் போடக் கூடாது.

வினிகர் சாயத்தைப் பிடித்து வைக்கும் என்பது

புதுச் சேலையை உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் போகாது என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து சொல்கிறார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்துக்குப் புளிப்பு துணை, அது உண்மை. பருத்தி விஷயம் வேறு. பருத்திக்கு இன்றைக்குப் பரவலாகப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு ஒட்டுவதற்கே சாயப்பட்டறையில் சலவை சோடாவைச் சேர்க்கிறார்கள், அதாவது புளிப்புக்கு நேர் எதிர். முதல் சலவையில் ஓடுவது ஒட்டாமல் மிச்சம் நின்ற சாயம். அதைப் பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள், முதல் இரண்டு மூன்று முறை தனியாக அலசி ஓடவிடுங்கள். போட்ட உடனே ஓட்டம் நின்ற மாதிரி தெரிந்தால் அது உப்பின் வேலை, அடுத்த சலவையில் மறுபடியும் ஓடும்.

வினிகருக்கு நிஜமான வேலை ஒன்று உண்டு. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் சோப்புக்கட்டி போட்டுத் துவைத்த துண்டு அட்டை மாதிரி விறைத்து, வெள்ளையாகப் பிசுக்குப் படிந்திருக்கும். அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாமல் போன சோப்பு. கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரை டம்ளர் வினிகர் விட்டால் அது விட்டுப்போகும், அதற்கு மேல் ஊற்ற வேண்டியதில்லை.

சோடாவும் வினிகரும் ஒன்றாக

நுரைதான் மிச்சம். ஒன்றை ஒன்று முறித்து, வெறும் உப்புத் தண்ணீராகிவிடும்.

திருபுவனம் பட்டுக்கு

எலுமிச்சை, சோடா, வினிகர் மூன்றுமே வேண்டாம். சோடாவில் பட்டின் பளபளப்பு போய், அரக்கு பார்டர் சந்தன உடலுக்குள் இறங்கிவிடும். ஜரிகையில் எலுமிச்சை பட்டால் உள்ளே செம்பு இருக்கிறதா என்பதை ஊருக்கே காட்டிக் கொடுக்கும்.

மஞ்சள் கறை

மஞ்சளில் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஆரத்தி சிவப்பது உங்களுக்குத் தெரியும். சாம்பார் கறையில் சோடா போட்டாலும் அதே சிவப்புதான், துணி பாழாகிவிட்டது என்று பதறாதீர்கள். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும், ஆனால் அதனால் கறை போனதாக ஆகாது, நிறம்தான் மாறியது. சோப்புப் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, நன்றாக அலசி, ஈரத்தோடு இரண்டு மூன்று மத்தியான வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. சாயத்துணியாக இருந்தால் அதன் சாயமும் கூடவே வெளுக்கும், பார்த்துச் செய்யுங்கள்.

ப்ளீச் பக்கத்தில் எலுமிச்சை, வினிகர்

கூடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால் வாளியை அப்படியே விட்டுவிட்டு உடனே குளியலறையை விட்டு வெளியே வாருங்கள்.