அரபு வாக்கியத்துக்குள் எழுதும் எண் ஏன் புரண்டு தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது?

துபாயில் வீடு மாறியிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் கட்டடம், 305-ஆம் வீடு. பொருள் கொண்டுவரும் அரபு ஓட்டுநருக்கு ஓர் அரபு வாக்கியத்துக்குள் 12-305 என்று எழுதி அனுப்புகிறீர்கள். அவர் திரையில் 305-12 என்று தெரிகிறது. நீங்கள் தட்டச்சு செய்ததும் சரி, அவருடைய கைபேசியும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு விதி வேலை செய்கிறது. அதைப் புரிந்துகொண்டால் இத்தகைய சிக்கல்களில் பெரும்பாலானவற்றை நீங்களே தீர்த்துவிடலாம்.

படி 1: முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள்

கீழே இரண்டு வரிகள் இருக்கின்றன. முதலாவது அரபு, இரண்டாவது எபிரேயம். இரண்டுக்கும் "வீட்டு எண்" என்றே பொருள். இரண்டிலும் சொற்களுக்குப் பிறகு ஒரே வரிசையில் 1, 2, இடைக்கோடு, 3, 0, 5 என்றுதான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

```
رقم الشقة 12-305
מספר דירה 12-305
```

உலாவியில் படிக்கிறீர்கள் என்றால், அரபு வரியில் 305-12 என்றும் எபிரேய வரியில் 12-305 என்றும் தெரியும். இரண்டுமே வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள்தான். ஆனாலும் ஒன்றில் எண் புரள்கிறது, மற்றொன்றில் புரளவில்லை.

படி 2: சேமிப்பு வேறு, காட்சி வேறு

கணினி எழுத்துகளை நாம் தட்டச்சு செய்த வரிசையிலேயே சேமிக்கிறது. எந்த எழுத்து இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பது திரையில் காட்டும் நேரத்தில்தான் முடிவாகிறது. அந்த முடிவை எடுக்க யூனிகோட் தரத்தில் இருதிசை எழுத்துக்கான ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி தமிழ், ஆங்கில எழுத்துகளுக்கு இடமிருந்து வலம் என்ற உறுதியான திசை உண்டு. அரபு, எபிரேய எழுத்துகளுக்கு எதிர்த்திசை. இலக்கங்களுக்கு அவ்வளவு உறுதி கிடையாது. இடைவெளி, கேள்விக்குறி, கூட்டல் குறி போன்றவை அக்கம்பக்கத்தைப் பார்த்துத் திசையை எடுத்துக்கொள்கின்றன.

இலக்கத்துக்கு முன்னால் கடைசியாக வந்த உறுதியான எழுத்து அரபு எழுத்தாக இருந்தால், அந்த இலக்கம் "அரபு எண்" என்ற வகைக்கு மாறிவிடும். எபிரேய எழுத்துக்குப் பிறகு இந்த மாற்றம் நடப்பதில்லை. சாதாரண எண்கள் இரண்டுக்கு நடுவே ஒற்றை இடைக்கோடு வந்தால், அந்த மூன்றையும் விதி ஒரே எண்ணாகச் சேர்த்துவிடுகிறது. அரபு எண்களுக்கு நடுவே வந்தால் சேர்ப்பதில்லை. ஆகவே 12 தனி, 305 தனி என்று பிரிந்து வலமிருந்து இடமாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் இலக்கங்கள் மட்டும் இடமிருந்து வலமாகவே நிற்கும்.

இதைப் பிழை என்று சொல்ல நான் தயாராக இல்லை. "9-5 மணி" என்பதை அரபியில் படிப்பவர் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். திரையில் 5-9 என்று நின்றால், அவர் கண்ணுக்கு 9 முதலிலும் 5 பிறகும் வரும். வரம்புகளுக்கு இந்த விதி சரியாகவே உதவுகிறது. வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும்தான் இதில் மாட்டிக்கொள்கின்றன.

படி 3: சேமிப்பு கெட்டதா என்று சோதியுங்கள்

அரபு வாக்கியத்தில் இருக்கும் எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வேறெதுவும் எழுதாத ஒரு வெற்றுக் குறிப்பில் ஒட்டுங்கள். அங்கே 12-305 என்று வந்தால் சேமிப்பு சரியாக இருக்கிறது, காட்சி மட்டும்தான் புரண்டிருக்கிறது. அரபு வாக்கியத்தில் 12-305 என்று தெரிந்த எண் அங்கே 305-12 என்று வந்தால், யாரோ திரையைப் பார்த்து "திருத்துவதாக" எண்ணி உண்மையிலேயே மாற்றி எழுதிவிட்டார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படி எழுதியதை ஒருவர் அரபு வாக்கியத்திலிருந்து பிரித்து முகவரிப் பெட்டியில் ஒட்டினால், அங்கே போய்ச் சேர்வது தவறான எண்.

படி 4: குறி எதுவும் இல்லாமல் தீர்க்கும் வழி

தொலைபேசி எண்ணில் சிக்கல் இன்னும் பெரிது. அரபு வாக்கியத்துக்குள் +94 77 000 0000 என்று எழுதினால், திரையில் 0000 000 77 94+ என்று தெரியும். இங்கே இடைவெளிகளே எண்ணைத் துண்டாக்குகின்றன. எபிரேயத்திலும் இப்படித்தான் நடக்கும்.

ஆகவே இடைவெளியும் இடைக்கோடும் இல்லாமல் எழுதுங்கள். ஒரே தொடராக நிற்கும் இலக்கங்கள் எந்த மொழி வாக்கியத்துக்குள்ளும் புரளாது. கூட்டல் குறி அப்போதும் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால், + என்பதற்குப் பதில் 00 போட்டு 0094770000000 என்று தொடங்குங்கள். அழகாக இருக்காது, ஆனால் தவறாகவும் தெரியாது.

வீட்டு எண்ணுக்கு இன்னொரு வழி உண்டு. எண்ணுக்கு ஒட்டி முன்னால் Flat என்று ஆங்கிலச் சொல்லைச் சேருங்கள். கடைசியாக வந்த உறுதியான எழுத்து இப்போது ஆங்கிலம். எனவே Flat 12-305 முழுவதும் இடமிருந்து வலமாக நிற்கும்.

படி 5: இடைவெளியோடுதான் வேண்டும் என்றால்

அந்த ஆங்கிலச் சொல் செய்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய ஓர் எழுத்து இருக்கிறது. அதன் குறியீடு U+200E. அது திரையில் இடம் பிடிக்காது, ஆனால் விதியின் பார்வையில் ஆங்கில எழுத்தைப் போலவே உறுதியான திசை கொண்டது. எண்ணுக்கு முன்னால் ஒன்று வைத்தால் போதும், கூட்டல் குறி முதல் கடைசி இலக்கம் வரை வரிசையாக நிற்கும்.

கணினி உலாவியில் F12 அழுத்தி, கன்சோல் பகுதியில் இதைக் கையால் தட்டச்சு செய்து என்டர் தட்டுங்கள்:

```
copy("\u200E+94 77 000 0000")
```

குறியோடு சேர்ந்த எண் நகலாகிவிடும். அதை அரபு வாக்கியத்துக்குள் ஒட்டுங்கள்.

C++ போல இறுதியில் குறி வரும் பெயர்களுக்கு முன்னால் வைத்துப் பயனில்லை. ++ அடுத்து வரும் அரபியோடு சேர்ந்து மறுபக்கம் போய்விடும். அங்கே U+200E பின்னால் வரவேண்டும்.

படி 6: செய்தி முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கினால்

இது தமிழில் அரட்டையடிப்பவர்களுக்கும் நேர்வது. அரபு எழுத்தில் ஸலாம் சொல்லிவிட்டு, அதே வரியில் தமிழில் தொடர்கிறோம். பல செயலிகள் செய்தியின் முதல் உறுதியான எழுத்தைப் பார்த்தே முழுச் செய்தியின் திசையையும் முடிவுசெய்கின்றன. முதல் எழுத்து அரபு என்பதால் தமிழ் வாக்கியமும் வலப்பக்கமாக ஒதுங்குகிறது, இறுதிக் கேள்விக்குறி வரியின் இடது ஓரத்துக்குப் போய்விடுகிறது.

ஸலாத்தைத் தனி வரியில் எழுதிப் பாருங்கள். வரிக்கு வரி திசை பார்க்கும் செயலியில் இது போதும். போதாவிட்டால் ஸலாத்தைத் தனிச் செய்தியாகவே அனுப்பிவிடுங்கள். அரபுச் செய்தி ஆங்கிலப் பெயரில் தொடங்கி இடப்பக்கம் ஒதுங்குவதும் இதே காரணத்தால்தான். அங்கே அரபுச் சொல் ஒன்றை முதலில் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது

U+200E சேர்த்த எண்ணை அரட்டையில் மட்டும் பயன்படுத்துங்கள். வங்கிப் படிவத்திலோ பதிவுப் படிவத்திலோ ஒட்டினால், பார்வைக்குச் சரியாக இருக்கும் எண்ணைச் சில தளங்கள் செல்லாது என்று சொல்லி நிராகரிக்கும். நுழைசுட்டியை எண்ணின் முன்னால் வைத்து வல அம்புக்குறியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல இடங்களில், நுழைசுட்டி நகராமல் நின்றால் அங்கே மறைந்த எழுத்து இருக்கிறது என்று பொருள். சந்தேகம் தீராவிட்டால் பெட்டியை முழுவதும் அழித்துவிட்டு எண்ணைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.