போர்வெல் தண்ணீரில் கிடைத்த என் துறை

வேளச்சேரியில் 15 ஆண்டுகளாக வீடுகளுக்குக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பொருத்திவரும் நான், வலைப்பதிவில் முதலில் உடல்நலம், சுற்றுலா என்று தோன்றியதையெல்லாம் எழுதினேன். தேடி வந்து படித்தவர்கள் மிகச் சிலரே.

பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு என் பக்கங்கள் காட்டப்பட்டன என்ற பட்டியலைப் பார்த்தேன். ‘போர் தண்ணீர் மஞ்சள் நிறம்’ என்ற தேடலில் என் பழைய கட்டுரை ஒன்று பலமுறை தோன்றியும், தேடல் முடிவுகளில் அதன் சராசரி இடம் 38 என்பதால் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. அக்கட்டுரையில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அதே சொற்களைக் கூகுளில் தட்டியபோது விரிந்த பரிந்துரைகள், வாடிக்கையாளர்கள் என்னிடம் நாள்தோறும் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளாகவே இருந்தன. முன்னால் வந்த பக்கங்களோ பெரும்பாலும் விற்பனை விளம்பரங்கள். குழாயில் தெளிவாக விழும் நீர், வாளியில் சற்று நேரம் நின்றதும் பழுப்பாவது கரைந்திருந்த இரும்பு காற்றுபட்டுத் துருவாக மாறுவதால்தான் என்று அவற்றில் ஒன்றுகூட விளக்கவில்லை. ‘சிறந்த ஆர்.ஓ. எது’ என்பதையும் பலர் தேடுகிறார்கள் என்றாலும், அங்கே பெரிய விற்பனைத் தளங்களே நிற்பதால் அதை விட்டுவிட்டேன்.

வாளிப் படத்துடன் தனிக் கட்டுரையாக எழுதிய நான்கு மாதங்களில், அதே தேடலில் 6-ஆம் இடம் கிடைத்தது.